தோண்டாமலே தோண்டியதாகச் சொல்லும் சொல்

ஆங்கிலத்தில் டெல்வ் என்ற வினைச்சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மண்ணைத் தோண்டுவது என்றுதான் பொருள். 1381இல் இங்கிலாந்தின் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது ஜான் பால் என்ற பாதிரியார் தன் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட ஈரடியில், ஆதாம் நிலத்தைக் கொத்தியதைச் சொல்ல இந்தச் சொல்தான் வருகிறது. பிறகு மண்ணை விட்டு ஏறி, பழைய ஆவணங்களிலும் நினைவுகளிலும் தேடுவதைக் குறிக்கும் சொல்லாக மாறியது. அப்படி மாறிய பின்னும் அது அரிதாகவே புழங்கியது. ஒரு நாவலில் இரண்டு இடத்தில் வரலாம், ஒரு நீளமான வரலாற்று நூலில் நாலைந்து இடத்தில் வரலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் முதல் வரியில் அதைப் பார்ப்பது அபூர்வமாக இருந்தது.

2023 முதல் அந்த அபூர்வம் போய்விட்டது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமித்ரி கோபக்கும் உடன் ஆய்வாளர்களும் பப்மெட் மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தில் 2010 முதல் 2024 வரை வெளியான ஆய்வுச் சுருக்கங்களைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 1.5 கோடிக்கும் அதிகமான சுருக்கங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்கிடும் முறையையே அவர்கள் சொற்களுக்குக் கையாண்டார்கள். முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்துப் பார்த்தால் 2024இல் ஒரு சொல் இத்தனை முறை வந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு; உண்மையில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று இன்னொரு கணக்கு. டெல்வ்ஸ் என்ற வடிவம் எதிர்பார்த்ததைப் போல 25 மடங்குக்கும் மேல் வந்திருந்தது. அண்டர்ஸ்கோர்ஸ், ஷோகேஸிங் ஆகியவை ஒன்பது மடங்குக்கும் மேல். 2025இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை, 2024ஆம் ஆண்டுச் சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மொழி இயந்திரத்தின் கைபட்டவை என்று மதிப்பிடுகிறது.

மடங்குக் கணக்கைவிட அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2020இலும் சில சொற்கள் திடீரென்று எகிறின. கொரோனா வைரஸ், பெருந்தொற்று, ஊரடங்கு போன்றவை. அவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். உலகத்தில் புதிதாக ஒன்று நடந்தது, அதைச் சொல்லச் சொற்கள் தேவைப்பட்டன. 2024இல் எகிறியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வினைச்சொற்கள், மீதியில் கணிசமானவை பெயரடைகள். இவை எந்தப் புதுப் பொருளையும் குறிக்கவில்லை. நோய் மாறவில்லை, மருந்து மாறவில்லை, ஆய்வு செய்யும் முறையும் மாறவில்லை. சொல்லும் தோரணை மட்டும் ஒரே ஆண்டில் மாறிவிட்டது. கோபக் குழுவினர் இவற்றை உள்ளடக்கச் சொற்களிலிருந்து பிரித்து, நடைச் சொற்கள் என்று தனியாக வைக்கிறார்கள். ஆங்கில வரைவுகளைத் திருத்துகிறவனுக்கு இந்தப் பிரிவினைதான் முதல் கருவி.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுப் பதிப்பகங்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தும் தொழில் ஒன்று இருக்கிறது. வெளியே அதிகம் தெரியாது. உலகின் பெரிய அறிவியல் இதழ்கள் பலவற்றின் அச்சுக்கோப்பும் பிரதித் திருத்தமும் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கின்றன. நான் அந்தத் தொழிலில் இருப்பவன். அலுவலக வேலைக்கு வெளியே, இங்குள்ள ஆய்வு மாணவர்களின் ஆங்கில வரைவுகளையும் பார்த்துக் கொடுக்கிறேன். இந்த நடைச் சொற்களுக்கு எதிராக இப்போது பல பட்டியல்கள் சுற்றுகின்றன. டெல்வ் வேண்டாம், எக்ஸ்ப்ளோர் போடு. பிவட்டல் வேண்டாம், இம்பார்ட்டன்ட் போடு. லெவரேஜ் வேண்டாம், யூஸ் போடு. கடைசியாகச் சொன்ன மாற்று உண்மையிலேயே நல்லது, யோசிக்காமல் செய்யலாம். மற்றவை அப்படியல்ல. ஒரு நடைச் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு நடைச் சொல்லை வைத்தால் வாக்கியம் பழைய வாக்கியமாகவே இருக்கிறது. டெல்வ் உட்கார்ந்திருந்த இடம் ஒரு செயலுக்கு உரிய இடம். ஆய்வாளர் அங்கே எண்ணியிருப்பார், அளந்திருப்பார், கேட்டிருப்பார், படித்திருப்பார், இரண்டை ஒப்பிட்டிருப்பார். அந்தச் செயலின் பெயர்தான் அங்கே வர வேண்டிய எளிய சொல். அது அகராதியில் டெல்வுக்குப் பக்கத்தில் கிடைக்காது. ஆய்வாளரின் குறிப்பேட்டில் கிடைக்கும்.

ஏன் இந்தச் சொற்களைத் தேடிப் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன்பே நம் மாணவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஒரே சொல் ஒரு பத்தியில் இரண்டு முறை வந்தால் குற்றம் என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹென்றி ஃபௌலர் இந்தப் பயத்துக்கு நூறாண்டுக்கு முன்பே நயமான மாற்றல் என்று பெயர் வைத்துக் கண்டித்தார். சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிட்டதோ என்று வாசகர் தடுமாறுவார் என்பது அவர் வாதம். வெளிநாடு போக விரும்புகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துத் தாளில் நான்கு அளவுகோல்கள். அவற்றில் ஒன்று சொல்வளம், கால் பங்கு மதிப்பெண். உயர்ந்த நிலைகளுக்கான விளக்கத்தில், அவ்வளவாகப் புழங்காத சொற்களைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பொருத்தமாகக் கையாள வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் முன்பாதி மட்டும் நிற்கிறது. இருபது வயதில் இப்படி அரிய சொல்லுக்கு மதிப்பெண் வாங்கிப் பழகியவரிடம் முப்பது வயதில் எளிய சொல்லைக் கேட்டால், தன்னைக் கீழே இறக்குவதாகத்தான் அவருக்குத் தோன்றும். அந்த வருத்தம் நியாயமானது. திருத்துகிறவர் அதை மதித்துத்தான் பேச வேண்டும்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2024 ஏப்ரலில், அமெரிக்கத் தொழில் முதலீட்டாளர் பால் கிரஹாம், தனக்கு ஒரு திட்டத்தை விளக்கி வந்த மின்னஞ்சலில் டெல்வ் இருந்ததைக் கவனித்ததாக எழுதினார். இயந்திரம் எழுதியதற்கு அது அடையாளம் என்பது அவர் கருத்து. நைஜீரியர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் நாட்டின் ஆங்கிலத்தில் டெல்வ் சாதாரணமாகப் புழங்கும் சொல். பள்ளியில் கற்று, அலுவலகக் கடிதத்தில் எழுதி வளர்ந்த சொல்லை வைத்து அவர்களை இயந்திரம் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். ஸ்டான்ஃபோர்டில் 2023இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை, இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேல் இயந்திரம் எழுதியது என்று தவறாகத் தீர்ப்பு வந்தது. ஆகவே ஒற்றைச் சொல்லை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியது யார் என்று நான் கேட்பதில்லை. அது என்ன சொல்கிறது என்றுதான் கேட்கிறேன். மனிதரே எழுதியிருந்தாலும் வெற்று வாக்கியம் வெற்று வாக்கியம்தான்.

அண்மையில் பார்த்த ஒரு வரைவை எடுத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டு நெசவுக் குடும்பங்களைப் பற்றி ஒரு முனைவர் பட்ட மாணவி எழுதியது. ஆளை அடையாளம் காண முடியாதபடி எண்களையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். முதல் வாக்கியம் இப்படி இருந்தது: திஸ் ஸ்டடி டெல்வ்ஸ் இன்டு த ரிச் டேப்பஸ்ட்ரி ஆஃப் வீவர்ஸ் லைவ்ஸ். நெசவாளர் வாழ்க்கை என்னும் வளமான டேப்பஸ்ட்ரிக்குள் இந்த ஆய்வு ஆழ்ந்து செல்கிறது என்று பொருள். இரண்டாவது வாக்கியம், மெடிகுலஸான பகுப்பாய்வின் வழியே வருமானத்துக்கும் கடனுக்கும் இடையிலுள்ள இன்ட்ரிகேட்டான ஊடாட்டத்தை விளக்குவதாகச் சொன்னது. மூன்றாவது, முதலாளிகளின் பிவட்டலான பங்கை முடிவுகள் அண்டர்ஸ்கோர் செய்கின்றன என்று தொடங்கி, கொள்கைத் தலையீட்டின் தேவையை ஹைலைட் செய்தபடி, என்று ஒரு வாலோடு முடிந்தது.

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. இந்தப் பத்தியில் குறை இருக்கிறதா என்று பார்க்க எளிதான வழி, நெசவாளர் என்ற சொல்லை எடுத்துவிட்டு மீனவர் என்று போட்டுப் பார்ப்பது. பத்தி அப்படியே நிற்கிறது. செவிலியர் என்று போட்டாலும் நிற்கிறது. மூன்று வாக்கியம் எழுதிய பிறகும் அது எந்தத் தொழிலைப் பற்றிய ஆய்வு என்பது அந்த ஒரே பெயர்ச்சொல்லில்தான் தொங்குகிறது.

டேப்பஸ்ட்ரி என்ற சொல்லில் நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். காரணம், அது நெசவுச் சொல், அதுவும் நெசவைப் பற்றிய கட்டுரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் டேப்பஸ்ட்ரி என்பது குறிப்பிட்ட ஒரு நெசவு முறை. பாவு நூலை ஊடை நூல் முழுவதுமாக மூடிவிடும், துணியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஊடைதான். சாதாரணத் துணியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடும். டேப்பஸ்ட்ரியில் அப்படி ஓடாது. நீல ஊடை நீலப் பகுதியின் எல்லை வரை போய்த் திரும்பிவிடும், சிவப்பு சிவப்பின் எல்லையில் திரும்பிவிடும். இரண்டு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் துணியில் சிறு பிளவு விழும், அதைப் பிறகு தைத்து மூடுவதும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெய்யப்பட்டு இன்றும் பிரான்சின் ஆன்ஜே நகரக் கோட்டையில் தொங்கும் உலக முடிவுக் காட்சித் தொங்கல்கள் இப்படி உருவானவை. இதில் கவனிக்க வேண்டியது, உலகம் முழுவதும் டேப்பஸ்ட்ரி என்றே அழைக்கப்படும் பேயோ தொங்கல் டேப்பஸ்ட்ரி அல்ல என்பதுதான். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள அந்த லினன் துணியில் படங்கள் கம்பளி நூலால் தைக்கப்பட்டிருக்கின்றன. அது பூத்தையல்.

பலவும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன என்று சொல்ல நினைத்துத்தான் வரைவுகளில் டேப்பஸ்ட்ரி எழுதுகிறார்கள். உண்மையான டேப்பஸ்ட்ரியில் ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள்ளேயே போய்த் திரும்புகிறது. சொல்ல வந்ததற்கு ஏறக்குறைய நேர்மாறான படம் அது. உருவகம் பழகிப் பழகி உள்ளிருக்கும் பொருள் தேய்ந்துபோனால் இப்படித்தான் ஆகும். அது எதைக் காட்டுகிறது என்று எழுதுகிறவரும் பார்ப்பதில்லை, படிக்கிறவரும் பார்ப்பதில்லை.

மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நீங்க எத்தனை வீட்டுக்குப் போனீங்கம்மா?"

"நாப்பத்திரண்டு வீடு சார். ரெண்டு ஊர்ல."

"போய் என்ன செஞ்சீங்க?"

"முதல்ல பேசிக்கிட்டே இருந்தேன் சார். அப்புறம் ஒரு அம்மா கூலி நோட்டை எடுத்துக் காட்டினாங்க. எல்லா வீட்லயும் அது இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் போன வீட்லெல்லாம் நோட்டைக் கேட்டு எழுதிக்கிட்டேன்."

"நோட்டுல என்ன இருக்கு?"

"பாவு வாங்குன தேதி, பட்டு எடை, ஜரிகை எடை, சேலை குடுத்த தேதி, கூலி. அப்புறம் அட்வான்ஸ். அட்வான்ஸ் கழிக்கிறதுக்குன்னு ஒரு பத்தி இருக்கும் சார், அது பாதி வீட்ல காலியா இருக்கும்."

"ஏன் காலியா இருக்கு?"

"கழிக்கவே மாட்டாங்க சார். கழிச்சிட்டா இவங்க வேற முதலாளிகிட்ட போயிடுவாங்கல்ல."

அந்தக் கடைசிப் பதில்தான் அவருடைய ஆய்வேடு. வருமானத்துக்கும் கடனுக்கும் இடையிலுள்ள இன்ட்ரிகேட்டான ஊடாட்டம் என்று வரைவில் எழுதியிருந்தது இதைத்தான். தறியில் உட்காருகிறவருக்குப் பாவும் பட்டும் ஜரிகையும் கொடுப்பவர் முதலாளி. முன்பணம் கொடுப்பவரும் அவரே. சேலைக்குக் கூலி கொடுக்கும்போது முன்பணத்தைக் கழிக்காமல் விடுவது பார்வைக்குக் கருணை போலத் தெரிகிறது. ஆனால் கடன் தீராத வரை நெசவாளர் அந்த முதலாளியை விட்டு நகர முடியாது. இதை மூன்று மாதம் வீடு வீடாகப் போய் நோட்டுகளைப் படித்துக் கண்டுபிடித்த ஒருவர், எழுத உட்கார்ந்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு ஊடாட்டம் என்கிறார். தான் கண்டது ஆய்வுக்குரிய ஆங்கிலமாகத் தெரியவில்லை என்பதுதான் காரணம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பத்தியைத் திரும்ப எழுதினோம். முதல் வாக்கியத்தில் டெல்வ்ஸ் போய், விசிட்டட் வந்தது, காப்பிட் வந்தது: இரண்டு ஊர்களில் 42 நெசவு வீடுகளுக்குச் சென்றோம், காட்டியவர்களின் கூலி நோட்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டோம். இரண்டாவது வாக்கியம், 42இல் 29 வீடுகள் பாவு கொடுத்த முதலாளிக்கே கடன்பட்டிருந்தன என்றது. மூன்றாவது, அந்த 29இல் 17 வீடுகளின் நோட்டில் இரண்டாண்டாக முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கழிக்கப்படவில்லை என்றது. நான்காவதாக அவருடைய கருத்து ஒரு வாக்கியத்தில் வந்தது: முன்பணம் கூலியின் பகுதியாக இல்லை, நெசவாளரைத் தறியோடு கட்டி வைக்கும் முறையாக இருக்கிறது. நான்கு வாக்கியத்திலும் சாதாரண வினைச்சொற்கள்தான். சென்றோம், எழுதிக்கொண்டோம், கடன்பட்டிருந்தன, கழிக்கப்படவில்லை, கட்டி வைக்கும். இப்போது நெசவாளரை எடுத்துவிட்டு மீனவரைப் போட்டால் பத்தி இடிந்துவிடும்.

மெடிகுலஸ் என்ற சொல்லுக்கு நான் மாற்று தேடவே இல்லை. வெகு கவனமாகச் செய்தேன் என்று தன் வேலையைத் தானே சொல்லிக்கொள்ளும் பெயரடை அது. நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டோம் என்ற தகவலே கவனத்தைக் காட்டிவிடுகிறது. ஐசிஎல்ஆர் என்ற கணினி அறிவியல் மாநாட்டுக்கு வந்த மதிப்புரைகளைப் பரிசோதித்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஒரே ஆண்டில் மெடிகுலஸ் 30 மடங்குக்கும் மேல் பெருகியிருப்பதைக் கண்டார்கள். அடுத்தவர் ஆய்வை மதிப்பிடும் இடத்தில் இந்தச் சொல் வந்து விழுவது ஆய்வுச் சுருக்கத்தில் வருவதைவிட மோசமானது. இந்தக் கட்டுரையில் எது கவனமாகச் செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை என்று சொல்லத்தான் மதிப்புரையாளரை அழைக்கிறார்கள்.

மூன்றாவது வாக்கியத்தின் வாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காற்புள்ளி, அதன் பின் ஹைலைட்டிங், அண்டர்ஸ்கோரிங், ஷோகேஸிங் என்று இங் விகுதியில் முடியும் ஒரு சொல், அதன் பின் ஏதோ ஒன்றின் முக்கியத்துவம் அல்லது தேவை. டெல்வைவிட இந்த வால் பரவலானது, கண்ணில் படுவதும் கடினம், ஏனென்றால் அதில் விநோதமான சொல் எதுவும் இல்லை. அது செய்யும் தீங்கு, ஒரு முடிவை வாதம் இல்லாமல் வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டிவிடுவது. முதலாளிக்குக் கடன்பட்டிருப்பது ஒரு கண்டுபிடிப்பு. அதனால் அரசு தலையிட வேண்டும் என்பது வேறு கூற்று. முன்னதிலிருந்து பின்னது தானாக வந்துவிடாது. கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நெசவாளருக்கு இந்தச் சிக்கல் உண்டா இல்லையா என்று பார்த்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். வாலை வெட்டித் தனி வாக்கியமாக எழுதச் சொன்னேன். யார், என்ன செய்ய வேண்டும் என்று எழுவாயோடும் பயனிலையோடும் எழுத உட்கார்ந்தபோது, தன் வரைவில் சங்க நெசவாளர்களைப் பற்றித் தரவே இல்லை என்பதை அவர் கவனித்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஊருக்குப் போனார். ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் அவ்வளவு பெரிய ஓட்டை மறைந்திருந்தது.

எல்லா நேரமும் எடுத்துவிடுவதே வேலை என்று நினைக்கக் கூடாது. ரொபஸ்ட் என்ற சொல்லும் வேண்டாச் சொல் பட்டியல்களில் இருக்கிறது. புள்ளியியலில் அதற்குத் துல்லியமான பொருள் உண்டு. சில தரவுகள் எக்கச்சக்கமாகத் தப்பி நின்றாலும், அடிப்படை அனுமானம் கொஞ்சம் பிசகினாலும் முடிவு பெரிதாக மாறாத முறையை அது குறிக்கிறது. சராசரி ரொபஸ்ட் அல்ல, இடைநிலை எண் ரொபஸ்ட். 42 வீடுகளில் ஒரே ஒரு வீடு ஐந்து லட்சம் கடன் வாங்கியிருந்தால் சராசரிக் கடன் தாறுமாறாக ஏறிவிடும், இடைநிலைக் கடன் அசையாது. இந்தப் பொருளில் எழுதியிருப்பவரிடம் போய் அதை ஸ்ட்ராங் என்று மாற்றுவது திருத்தம் அல்ல, சேதம். சிக்னிஃபிகன்ட்டும் அப்படித்தான். புள்ளியியல் சோதனை ஒன்றைச் செய்து, அதன் எண்ணைப் பக்கத்திலேயே கொடுத்திருந்தால் அந்தச் சொல் அங்கே இருந்தே ஆக வேண்டும். சோதனை எதுவும் செய்யாமல் பெரிய மாற்றம் என்ற பொருளில் எழுதியிருந்தால், எவ்வளவு பெரியது என்று கேட்டு அந்த எண்ணை எழுத வேண்டும். ஒரே எழுத்துக்கோவை ஒரு பக்கத்தில் கலைச்சொல், இன்னொரு பக்கத்தில் வெறும் அலங்காரம். தேடி மாற்றும் வசதியால் இதைப் பிரிக்க முடியாது, பக்கத்தைப் படித்துத்தான் பிரிக்க முடியும். டெல்வுக்கும் உரிய இடம் உண்டு. ஒரு வரலாற்று மாணவர் ஆவணக் காப்பகத்தில் எந்த அட்டவணையும் இல்லாத கட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தேடியதைச் சொல்லும்போது அந்தச் சொல்லை எழுதியிருந்தார். அவர் செய்ததும் அதுதான். நான் தொடவில்லை.

பட்டியல்கள் ஏன் போதாது என்பதற்கு இன்னொரு சான்றும் கிடைத்திருக்கிறது. டெல்வைப் பற்றி 2024இன் தொடக்கத்தில் எல்லோரும் பேசத் தொடங்கியதும், ஆர்க்கைவ் தளத்துக்கு வரும் கட்டுரைகளில் அந்தச் சொல் சரியத் தொடங்கியது என்று மிங்மெங் கெங், ரொபெர்த்தோ த்ரோட்டா இருவரும் 2025இல் எழுதினார்கள். அதே காலத்தில் சிக்னிஃபிகன்ட் போல யாரும் விரல் நீட்டாத சொற்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. பேர் வெளியே தெரிந்த சொல்லை மட்டும் மக்கள் துடைத்துவிட்டார்கள். எழுதும் விதம் அப்படியே இருக்கிறது. என் மேசைக்கு வரும் வரைவுகளிலும் இதே நிலைதான். டெல்வ் வருவது குறைந்துவிட்டது, அது இருந்த இடத்தில் எக்ஸ்ப்ளோர் உட்கார்ந்திருக்கிறது. டேப்பஸ்ட்ரி போய் லேண்ட்ஸ்கேப் வந்திருக்கிறது. நெசவாளர் கடனைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு பக்கத்தை நிரப்ப முன்பு எது பயன்பட்டதோ, அந்த வேலையை இப்போது இவை செய்கின்றன.

ஆகவே வரைவை அனுப்புகிறவர்களிடம் இப்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். களக்குறிப்பேடு இருந்தால் அதன் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஆய்வகத்தில் வேலை செய்கிறவராக இருந்தால் ஆய்வகக் குறிப்பேடு. பெரும்பாலும் அது தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து, சுருக்கெழுத்தாக, அம்புக்குறிகளோடு இருக்கும். அதில் டெல்வ் இருக்காது. "கேட்டேன், சொல்லல", "மறுபடி அளந்தது, 2 மி.மீ. வித்தியாசம்", "நோட்டு காட்ட மாட்டேன்றாங்க" என்று இருக்கும். வரைவின் முதல் பத்தியைத் திருத்த அந்தப் பக்கங்களிலிருக்கும் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறோம். ஆஸ்க்ட், மெஷர்ட், ரெஃப்யூஸ்ட். மூன்றுமே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள். நெசவு மாணவியின் கட்டுரையில், நோட்டைக் காட்ட மறுத்த ஆறு வீடுகளைப் பற்றி இப்போது ஒரு தனிப் பத்தி இருக்கிறது. முதல் வரைவில் அந்த வீடுகள் இல்லவே இல்லை.